எட்டுக்கால் பூச்சிக்குக் கட்டம் இல்லை

திருச்சியில் இருக்கும் அக்கா, தன் மகளின் சூழ்நிலையியல் பயிற்சித்தாளைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பினார். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு விடுமுறைப் பயிற்சியாக நான்தான் கேட்டிருந்தேன். பினாங்கில் இந்தப் பாடம் அறிவியலில் வருகிறது.

உயிருள்ளவை, உயிரற்றவை பகுதியில் ஏழாவது படம் கறுத்த நீள்வட்டமாகத் தெரிந்தது. தாளின் மேல் அக்காவின் கை நிழல் விழுந்திருந்தது. மகன் "கல்" என்று சொல்லி உயிரற்றவையில் எழுதிவிட்டான். எனக்குச் சந்தேகம். அந்த வரிசையை மட்டும் சன்னல் வெளிச்சத்தில், நேர்மேலிருந்து எடுக்கச் சொன்னேன். புதிய படத்தில் நீள்வட்டத்தின் ஓரத்தில் சிறு தழும்பு தெரிந்தது. காயோடு ஒட்டியிருந்த இடம் அது. அவரை விதை!

அவனோ மாற்ற மறுத்தான். "அசையவில்லை, சாப்பிடவில்லை, வளரவில்லை. எப்படி அம்மா உயிருள்ளது?" கேள்வி நியாயமானதுதான். வீட்டில் பச்சைப் பயறு இருந்தது. ஐந்தை வேகவைத்து ஆறவிட்டேன். ஐந்தை அப்படியே எடுத்தேன். ஈரப் பஞ்சு விரித்த இரண்டு தட்டுகளில் தனித்தனியாக வைத்தோம். அன்று மாலை பச்சையாக வைத்தவையும் உப்பியிருந்தன. அவன் அதையே வளர்ச்சி என்று துள்ளினான். வெந்தவையும் உப்பித்தானே இருக்கின்றன என்று காட்டினேன். தண்ணீரை உறிஞ்சினால் செத்த விதையும் உப்பும். மறுநாள் இரவு பச்சை விதைகளில் நான்கு வெள்ளை வேர் நீட்டின. வெந்தவற்றில் வாடைதான் வந்தது. ஏழாம் எண்ணை அவனே அழித்து எழுதினான்.

அடுத்தது விலங்குக் கூட்டம்: பறவை, பாலூட்டி, மீன், பூச்சி என நான்கு கட்டங்கள். வௌவாலைப் பறவையில் போட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கி இறகு எங்கே என்று கேட்டேன். இறகு இல்லை, காதுமடல் இருந்தது. குட்டி போட்டுப் பால் கொடுப்பதையும் சொன்னதும் மாற்றிவிட்டான். (இங்கே பாலிக் பூலாவ் ஊரில் டுரியான் மரப் பூக்களுக்கு இரவில் வரும் வௌவால்களைப் பற்றியும் சொன்னேன். அவனுக்குப் பழத்தில்தான் அக்கறை.)

சிக்கல் கடைசிப் படத்தில். "எட்டுக்கால் பூச்சி, பூச்சிதானே?" என்றான். நம் மொழி பெயரிலேயே அதைப் பூச்சியாக்கிவிட்டது; ஆனால் விடையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பூச்சிக்கு ஆறு கால். தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதி. சிலந்திக்கு எட்டுக் கால். தலையும் மார்பும் ஒன்றாகி, உடல் இரண்டே பகுதி. மங்கிய படத்தில் கால்களை எண்ண முடியவில்லை. குளியலறை மூலையில் இருந்த ஒன்றை எண்ணினோம். எட்டு.

அப்படியானால் எந்தக் கட்டம்? நான்கிலும் அதற்கு இடமில்லை. அக்காவைக் கேட்டேன். அவர் மகள் பூச்சியில் எழுதியிருந்தாளாம். ஆசிரியரும் சரி போட்டுவிட்டாராம். மகன் தாளின் ஓரத்தில் ஐந்தாவது கட்டம் வரைந்து, "சிலந்தி" என்று எழுதினான். பக்கத்தில் தேளுக்கும் இடம் விட்டிருந்தான்.