வடிகட்டிய பின்னும் 1, 2, 3 என்றே வரும் தொடர் எண்: ஒரு பதிவேட்டைச் சரிசெய்த அனுபவம்

அலுவலகத்தின் சாதனப் பதிவேட்டை எக்செல்லில் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கணினி, அச்சுப்பொறி, மேசை, அலமாரி என எல்லாப் பொருள்களும் ஒரே தாளில் உள்ளன. ஆண்டுச் சரிபார்ப்பு வரும்போது, அந்த ஒரே தாளைப் பிரிவுவாரியாக வடிகட்டி, ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்குரிய பட்டியலை மட்டும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பட்டியலில் கையெழுத்திடுகிறவர் முதலில் பார்ப்பது கடைசித் தொடர் எண்ணைத்தான். தம் பிரிவில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதை அவர் அதிலிருந்தே தெரிந்துகொள்கிறார். ஆகவே, வடிகட்டிய பட்டியலில் 2, 5, 6, 8 என்று எண்கள் தாவித் தாவி நிற்பதை ஏற்க முடியாது. இடையில் பொருள்கள் விடுபட்டுவிட்டனவோ என்ற ஐயத்தையும் அது எழுப்பும்.

எண்கள் இப்படித் தாவுவதற்குக் காரணம் எளியது. தொடர் எண்ணைக் கையால் தட்டச்சு செய்தாலும், `=ROW()-1` என்ற சூத்திரத்தால் வரவழைத்தாலும், அந்த எண் தாளில் அந்த வரிசை இருக்கும் இடத்தைச் சார்ந்ததே. வடிகட்டும்போது வரிசைகள் மறைகின்றனவே தவிர இடம் மாறுவதில்லை. ஆறாவது வரிசை, திரையில் இரண்டாவதாகத் தெரிந்தாலும், எக்செல்லின் கணக்கில் ஆறாவது வரிசையாகவே இருக்கிறது. நமக்கு வேண்டியது இடத்தின் எண் அல்ல. இந்த வரிசை வரையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைகள் எத்தனை என்ற எண்ணிக்கை. எக்செல்லில் மறைந்ததை விட்டுவிட்டுத் தெரிவதை மட்டும் எண்ணக்கூடிய செயற்கூறு SUBTOTAL.

முறையை முழுப் பதிவேட்டில் இறக்குவதற்கு முன், எட்டுப் பொருள்கள் கொண்ட சிறிய மாதிரித் தாளில் சோதித்துப் பார்த்தேன். முதல் வரிசையில் தலைப்புகள். A நெடுவரிசையில் தொடர் எண், B-யில் "பொருள்" என்ற தலைப்பின் கீழ் பொருளின் பெயர், C-யில் பிரிவு. தரவு 2-ஆம் வரிசையில் தொடங்கி 9-ஆம் வரிசையில் முடிகிறது. A2-இல் கீழ்க்கண்ட சூத்திரத்தை இட்டு, A9 வரை இழுத்து நிரப்பினேன்.

```
=SUBTOTAL(3,$B$2:B2)
```

இதில் 3 என்பது எண்ணும் வகையைக் குறிக்கிறது. காலியாக இல்லாத செல்களை எண்ணும் COUNTA-வின் வேலையைச் செய்யச் சொல்கிறோம். வரம்பின் தொடக்கமான `$B$2` டாலர் குறிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. முடிவோ பூட்டப்படாததால், கீழே இழுக்க இழுக்க அதுவும் நீண்டுகொண்டே போகிறது. ஆறாவது வரிசையில் சூத்திரம் `=SUBTOTAL(3,$B$2:B6)` என்று ஆகிவிடும். மாதிரியில் கணக்குப் பிரிவின் பொருள்கள் 3, 6, 7, 9 ஆகிய வரிசைகளில் இருந்தன. அந்தப் பிரிவை மட்டும் வடிகட்டியதும், ஆறாவது வரிசையின் சூத்திரம் B2 முதல் B6 வரையுள்ள ஐந்து செல்களைப் பார்க்கிறது. அவற்றில் மறையாமல் நிற்பவை B3, B6 ஆகிய இரண்டு மட்டுமே. எனவே அங்கே 2 என்று வருகிறது. அதே கணக்கில் மற்ற மூன்று வரிசைகளும் 1, 3, 4 என்று அமைந்தன. வடிகட்டலை நீக்கியதும் 1 முதல் 8 வரை எண்கள் தாமாகவே திரும்பின. எண்கள் மாறாமல் பழையபடியே நின்றால், கணக்கிடும் முறை Manual என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். F9 அழுத்தியதும் எண்கள் மாறினால் காரணம் அதுவே.

எந்த நெடுவரிசையை எண்ணச் சொல்வது என்பதில் கவனம் தேவை. எல்லா வரிசைகளிலும் தவறாமல் நிரம்பியிருக்கும் நெடுவரிசையாக அது இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் "குறிப்பு" என்ற நெடுவரிசையில் பாதிக்கும் மேல் காலி. அதை எண்ணச் சொல்லியிருந்தால், காலிச் செல் வரும் ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலே தெரியும் வரிசையின் எண்ணையே பெற்றிருக்கும். 4, 4, 5 என ஒரே எண் இருமுறை வந்தால், பொருளின் பெயர் விடுபட்ட வரிசை அங்கே இருக்கிறது என்று பொருள். இதை நான் குறையாகக் கருதவில்லை. நிரப்பாமல் விட்ட பதிவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவே பயன்படுத்திக்கொள்கிறேன். தொடர் எண் நெடுவரிசையையே எண்ணச் சொல்வதும் கூடாது: சூத்திரம் தன்னையே சுற்றி வரும் வட்டக் குறிப்பாகிவிடும் என்பது ஒன்று, தன் வரம்புக்குள் வேறு SUBTOTAL சூத்திரங்கள் இருந்தால் அவற்றை எண்ணாமல் விட்டுவிடுவது SUBTOTAL-இன் இயல்பு என்பது மற்றொன்று.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கிடங்குப் பிரிவை வடிகட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது. கிடங்கின் பொருள்கள் 2, 5, 8 ஆகிய வரிசைகளில் மட்டுமே இருந்தன. ஆனால் திரையில் நான்கு வரிசைகள் நின்றன. கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒன்பதாவது வரிசை, மறையாமல் 4 என்ற எண்ணுடன் பட்டியலின் அடியில் இருந்தது. முதலில் கணக்குப் பிரிவை வடிகட்டியபோது இது தெரியாமல் போனதற்குக் காரணம், ஒன்பதாவது வரிசை அந்தப் பிரிவுக்கே உரியதாக இருந்ததுதான். இத்தகைய பிழை அச்சுக்குப் போய்விட்டால், ஒரு பிரிவின் பொருள் இன்னொரு பிரிவின் பட்டியலில் ஏறிவிடும். தொடர் எண் வேறு இடைவெளியின்றி இருப்பதால் யாருக்கும் ஐயமே எழாது.

ஏன் இப்படி நடக்கிறது? SUBTOTAL பெரும்பாலும் பட்டியலின் அடியில் கூட்டுத்தொகை போடப் பயன்படும் செயற்கூறு. ஒரே ஒரு செல்லில் நின்றபடி வடிகட்டியை இயக்கும்போது, பட்டியல் எங்கே முடிகிறது என்பதை எக்செல் தானே ஊகித்துக்கொள்கிறது. கடைசி வரிசையில் SUBTOTAL இருப்பதைக் கண்டதும், அது கூட்டுத்தொகை வரிசை என்று கருதி, வடிகட்டும் வரம்புக்கு வெளியே வைத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. வடிகட்டிய நிலையில் இடது ஓரத்தில் உள்ள வரிசை எண்களைப் பாருங்கள். வடிகட்டிக்கு உட்பட்டவை நீல நிறத்தில் இருக்கும். வெளியே தள்ளப்பட்ட கடைசி வரிசையின் எண் மட்டும் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். மாதிரித் தாளில் 2, 5, 8 ஆகியவை நீலமாகவும், 9 நிறம் மாறாமலும் தெரிந்தன. கீழே உள்ள நிலைப்பட்டையிலும் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை 8-க்குப் பதிலாக 7 என்று காட்டப்பட்டது.

இதற்குப் பலரும் சொல்லும் குறுக்கு வழி, சூத்திரத்தின் இறுதியில் `*1` சேர்ப்பது. விடை மாறாது, ஆனால் சூத்திரம் வெறும் SUBTOTAL ஆக இல்லாமல் ஒரு பெருக்கலாகிவிடுகிறது. அப்படிச் செய்தாலும், ஏற்கெனவே போட்டிருந்த வடிகட்டியை முழுவதும் நீக்கிவிட்டு மறுபடியும் போட வேண்டும். பழைய வடிகட்டி தன் பழைய வரம்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் தேர்ந்தெடுத்தது வேறு வழி. தரவை Ctrl+T அழுத்தி டேபிளாக மாற்றினேன். டேபிளில் தரவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், கூட்டுத்தொகை வரிசை உண்டா இல்லையா என்பதும் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டிருப்பதால், எக்செல் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. புதிய பொருளைக் கடைசியில் தட்டச்சு செய்தால் டேபிள் தானே நீளும் என்பது பதிவேட்டுக்கு இன்னொரு வசதி. ஆனால் பழைய சூத்திரத்தை அப்படியே டேபிளுக்குள் வைத்திருக்கக் கூடாது. பத்தாவது வரிசையில் புதிய பதிவைச் சேர்த்தபோது, ஒன்பதாவது வரிசையின் சூத்திரத்தில் இருந்த `$B$2:B9` என்பது `$B$2:B10` என்று தானாக நீண்டுவிட்டது. விளைவாக 8 என்ற எண் காணாமல் போய், கடைசி இரண்டு வரிசைகளிலும் 9 என்றே வந்தது. செல் முகவரிகளை விட்டுவிட்டு, டேபிளின் நெடுவரிசைப் பெயர்களைக் கொண்டு எழுதுவதே இதற்குச் சரியான தீர்வு.

```
=SUBTOTAL(3,INDEX([பொருள்],1):[@[பொருள்]])
```

`INDEX([பொருள்],1)` என்பது அந்த நெடுவரிசையின் முதல் தரவுச் செல்லைத் தருகிறது. `[@[பொருள்]]` என்பது சூத்திரம் இருக்கும் வரிசையிலேயே உள்ள செல். இரண்டுக்கும் நடுவிலுள்ள முக்காற்புள்ளி அவற்றை ஒரு வரம்பாக இணைக்கிறது. முகவரி எதுவும் இல்லாததால், வரிசைகளைச் சேர்த்தாலும் நீக்கினாலும், முதல் வரிசைக்கு மேலேயே ஒன்றைச் செருகினாலும் கணக்கு பிசகுவதில்லை. அகரவரிசைப்படி அடுக்கிப் பார்த்தேன். அப்போதும் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றே எண்கள் வந்தன.

இங்கே 3-க்குப் பதிலாக 103 இடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வடிகட்டியால் மறையும் வரிசைகளை இரண்டுமே விட்டுவிடுகின்றன. வலச்சொடுக்கி Hide கொடுத்துக் கையால் மறைத்த வரிசைகளை 3 எண்ணும்; 103 எண்ணாது. எங்கள் பதிவேட்டில் யாரும் கையால் வரிசைகளை மறைப்பதில்லை என்பதால் 3 என்பதையே வைத்துக்கொண்டேன். கையால் மறைக்கும் வழக்கம் இருக்கிற தாளுக்கு 103 பொருத்தமானது.

இவ்வளவும் சரியான பிறகு ஒன்றை வலியுறுத்தியே ஆக வேண்டியிருந்தது. இந்தத் தொடர் எண், பொருளின் அடையாளம் அல்ல. வடிகட்டாதபோது 6 ஆக இருக்கும் மேசை, கணக்குப் பிரிவின் பட்டியலில் 3. அடுக்கும் முறையை மாற்றினால் வேறோர் எண். பழுதுபார்ப்புக் குறிப்பேட்டில் "பொருள் எண் 3" என்று எழுதிவைத்தாலோ, இன்னொரு தாளில் VLOOKUP மூலம் இந்த எண்ணைத் தேடினாலோ, வடிகட்டியைத் தொட்டதும் வேறு பொருளின் விவரம் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே, சூத்திரம் எதுவும் இல்லாமல் நேரடியாகத் தட்டச்சு செய்த "பொருள் குறியீடு" என்ற தனி நெடுவரிசையைத் தொடர் எண்ணுக்கு அடுத்தே வைத்தேன். பிற தாள்கள் அனைத்தும் அந்தக் குறியீட்டையே நாடுகின்றன.

பிரிவுகளுக்குக் கோப்பாக அனுப்பும்போது, வடிகட்டிய பட்டியலைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் புதிய தாளில் Paste Values என்ற முறையில் ஒட்டுகிறேன். அங்கே தொடர் எண்கள் வெறும் எண்களாக உறைந்துவிடுகின்றன. பெறுகிறவர் அதை மீண்டும் வடிகட்டினாலும் அச்சிட்ட தாளில் இருந்த எண்களே கோப்பிலும் இருக்கும்; கையெழுத்திட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுவே தேவை.