டிரையர் இனி யாருக்கு? கோத்தகிரி நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 12

கிரீன் டீ வியாபாரத்தை நிறுத்தி, இன்று கடைக் கணக்கை மூடினேன். 100 கிராம் பை, 250 ரூபாய். தேயிலையைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினார்கள், ஆனால் திரும்ப வாங்கவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குவளைக்கு இரண்டு கிராம் போதும். அப்படியானால் ஒரு பை ஐம்பது குவளை. பால் டீ குடித்துப் பழகிய வீட்டில் கிரீன் டீ வாரத்துக்கு இரண்டு முறை போட்டாலே அதிகம். ஒரு பை தீர ஆறு மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் என் பெயரே அவர்களுக்கு மறந்துபோகும். மறுபடி நினைவூட்ட விளம்பரம், மறுபடி கூரியர். ஒவ்வொரு விற்பனையும் புது வாடிக்கையாளரைப் பிடிக்கிற செலவோடுதான் வருகிறது.

கிடங்கில் இருப்பவை: சுமார் 160 கிலோ தேயிலை, 24 தட்டு மின் டிரையர் ஒன்று, சிறிய உருட்டும் மெஷின், வாட்டப் போடும் வலைத்தட்டுகள், சீலிங் மெஷின், அச்சடித்த பைகள், தராசு. இவை போக போனில் ஒரு வாடிக்கையாளர் பட்டியல்.

மாமா வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே ஆளுக்குத் தள்ளிவிட்டுடு கண்ணு, வந்தவரைக்கும் லாபம்" என்றார். டிரையரை, நான் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒருவர் கேட்டிருக்கிறார். தேயிலைக்கு மேட்டுப்பாளையம் வியாபாரி கிலோ 70 ரூபாய் சொன்னார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

தேயிலையைப் பிரித்துப் பார்த்தேன். பைகளில் அடைத்து, தேதி அச்சடித்து, அந்தத் தேதியும் தாண்டிப்போனது 40 கிலோவுக்கு மேல் இருக்கிறது. அதைப் பிரித்து வேறு பையில் போட்டுப் புதுத் தேதி ஒட்டுவது சட்டப்படியும் தப்பு, குடிப்பவருக்கும் துரோகம். அது நேராக உரக்குழிக்கு.

மூட்டையில் இருப்பது வேறு விஷயம். ஒவ்வொரு மூட்டையிலும் அடியிலிருந்து 100 கிராம் எடுத்து, 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்தேன். பெரும்பாலான மூட்டைகளில் ஐந்து கிராம் குறைந்தது, அதாவது ஈரம் 5 சதவீதம். சுவரை ஒட்டி இருந்த மூட்டையில் பதினொன்று குறைந்தது. கையை உள்ளே விட்டால் பழைய கோணிச் சாக்கு வாசம். ஈரம் ஏழெட்டைத் தாண்டி இந்த வாசமும் வந்துவிட்டால் மறுபடி காய வைத்துப் பயனில்லை. ஈரம் போகும், பூஞ்சை ஏற்றிவிட்ட வாசம் போகாது. அதுவும் உரக்குழிக்கே போனது.

மிச்சம் 100 கிலோ சொச்சம். கெட்டுப்போகவில்லை, ஆனால் பச்சை வாசம் போய் மங்கிவிட்டது. ஜப்பானில் பிந்திய பருவத்து முரட்டு இலையை வறுத்து ஹோஜிச்சா என்று குடிக்கிறார்கள். வறுத்தால் பச்சை வாசம் தேவையே இல்லை, வறுபட்ட வாசம்தான் தேவை. சரி, முயன்று பார்க்கலாம்.

ஆகஸ்ட் 25

இரும்பு வாணலியில் அரைக் கிலோ அரைக் கிலோவாக வறுத்தேன். முதலில் சலித்துத் தூளை எடுத்துவிட வேண்டும். இலை சிவக்கும் முன் தூள் கருகி, அந்தக் கசப்பு மொத்தத்திலும் ஏறிவிடுகிறது. மிதமான தீயில் விடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் பச்சை போய்ப் பழுப்பு வரும். அப்போதே அகலத் தட்டில் கொட்டி ஆற்ற வேண்டும். வாணலியிலேயே விட்டால் இறக்கிய பிறகும் அதன் சூட்டில் கருகும்.

மாமா குடித்துப் பார்த்து, "இது டீத்தூள் இல்ல, காப்பிக்குத் தம்பி மாதிரி இருக்கு" என்றார். பாராட்டுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதை மறுபடி வீடுகளுக்கு 100 கிராம் பையில் விற்கப்போவதில்லை. குன்னூரிலும் இங்கேயும் எனக்குத் தெரிந்த ஹோம்ஸ்டேக்காரர்கள் அறைக்கு ஒரு ஜாடி வைக்கிறார்கள். விருந்தாளி மாறிக்கொண்டே இருப்பதால் ஜாடி சீக்கிரம் காலியாகும். அரைக் கிலோ கட்டு, 350 ரூபாய். ஒருவர் உடனே எடுத்துக்கொண்டார். ஆனால் இந்த 100 கிலோ தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாலைந்து மாத வாடகையும் கூலியும் இதிலிருந்து வரும், அதோடு சரி. இதை நம்பிப் புது லேபிள் அடிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 3

பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். "நான் புதுசாக ஒன்று செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், பணம் தருகிற நாளில் காணாமல் போவார்கள். போன மாதம் காய்ந்த பொருள் என்னென்ன வாங்கினீர்கள், யாரிடம், எத்தனை கிலோ, என்ன விலை, அதில் என்ன தொல்லை என்று மட்டும் கேட்கிறேன். நடந்து முடிந்த வாங்குதலைப் பற்றி யாரும் மரியாதைக்குப் பொய் சொல்வதில்லை.

வீட்டு வாடிக்கையாளர்களிடம் ஒன்றும் தேறவில்லை. அவர்கள் வாங்கியது தேயிலையைக்கூட அல்ல, ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பரிசு. கோவையில் ஒரு பேக்கரிக்காரர் சொன்னதுதான் காதில் நின்றது. ரொட்டிக்கு மாதம் மூன்று கிலோ காய்ந்த ரோஸ்மேரி வேண்டும், வருவதில் பாதி பழுப்பாக, வைக்கோல் வாசமாக இருக்கிறது. "உங்ககிட்ட டீ வாங்கினப்போ பஸ் பார்சல் சொன்ன நாளுக்கு வந்துது, அதனாலதான் கேக்கறேன் சார். ரோஸ்மேரி உங்க ஊர்லதானே விளையுது?" அப்புறம் இரண்டு கஃபேக்காரர்கள் தைம் மூலிகையும் சேர்த்துக் கேட்டார்கள்.

பெரிய பட்டியலில் எனக்கு உண்மையில் மிஞ்சியவர்கள் இந்தச் சமையலறைக்காரர்கள்தான். தேயிலை அவர்களிடம் மாதக்கணக்கில் கிடந்தது. மூலிகை வாரா வாரம் தீர்கிறது.

செப்டம்பர் 14

டிரையரில் ரோஸ்மேரி ஏற்றும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். ரோஸ்மேரி எண்ணெய் தட்டிலும் விசிறியிலும் ரப்பர் பட்டையிலும் ஒட்டிவிட்டால், சோடா போட்டுக் கழுவினாலும் சூடேறும்போது மறுபடி கிளம்பும். ஆகவே ஒரு முறை ஏற்றிவிட்டால் இந்த டிரையரில் இனி கிரீன் டீ கிடையாது. இரண்டையும் சேர்த்து நடத்தலாம் என்ற யோசனை எனக்கும் இருந்தது, நடக்காது. மிச்சம் வறுக்க வேண்டிய தேயிலையைத் தகர டின்களில் அடைத்து வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

வெப்பமும் தலைகீழ். தேயிலைக்கு 90 டிகிரிக்கு மேல் வைப்பேன். மூலிகைக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்ணெய் முதலில் பறந்துவிடும், இலை காய்ந்திருக்கும், வாசம் இருக்காது. பேக்கரிக்காரர் சொன்ன வைக்கோல் வாசம் அவசரமாக அதிகச் சூட்டில் காய வைத்ததால் வந்ததாகவே இருக்கும். டிரையர் அறைக்குள் நுழைந்ததும் வாசம் மூக்கைத் துளைத்தால் எனக்கு இப்போது சந்தோஷமில்லை, சூடு அதிகம் என்று பொருள். பைக்குள் இருக்க வேண்டியது காற்றில் இருக்கிறது.

முதல் ஏற்றம்: பக்கத்துத் தோட்டத்தில் கிலோ 50 ரூபாய்க்கு வெட்டிய 24 கிலோ, தட்டுக்கு ஒரு கிலோ. பதினான்கு மணி நேரம், சுமார் 40 யூனிட் மின்சாரம். குச்சியை மடக்கினால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். இரண்டு அக்காக்கள் அரை நாள் உருவியதில் இலை மட்டும் ஐந்து கிலோ தேறியது. செடிக்கு 1200, மின்சாரத்துக்கு 360, கூலி 500. கிலோவுக்கு 410 ரூபாய் சொச்சம் அடக்கம். பேக்கரிக்காரர் 650 தருகிறார், பார்சல் செலவு அவருடையது. அச்சடித்த பை வேண்டாம், வெள்ளைப் பையில் தேதியும் எடையும் எழுதினால் போதும் என்றார். நான் ஆசையாக அடித்த பைகளுக்கு இனி வேலை இல்லை.

வலைத்தட்டுகள் மட்டும் அப்படியே உதவின. வெட்டியதை ஓர் இரவு வாட்டப் போட்டால் மேல் ஈரம் வடிந்து டிரையர் நேரம் குறைகிறது. எவ்வளவு தடிமனாகப் பரப்பலாம், எப்போது புரட்டலாம் என்பது தேயிலையில் பழகிய கைக்குத் தானாக வருகிறது.

அக்டோபர் 20

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர் பக்கம் கொட்டும்போது நமக்கு அவ்வளவு இருக்காது, நம் மழை இப்போதுதான். காற்றே நனைந்திருக்கும்போது டிரையர் வேலை செய்யுமா என்று பயந்தேன். வெளியே 15 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம். அதே காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 22 சதவீதம் ஆகிவிடுகிறது. தண்ணீர் கூடவும் இல்லை குறையவும் இல்லை, காற்றின் கொள்ளளவு கூடியதுதான் காரணம். எனவே டிரையர் தோற்கவில்லை. ஈரக்காற்று வெளியேறும் வாயின் தகட்டை முதல் நான்கு மணி நேரம் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மூடி வைத்தால் அதே ஈரக்காற்று உள்ளேயே சுற்றி இலை கருக்கிறது.

தொல்லை வந்தது டிரையருக்கு வெளியே. உருவும்போது இரண்டு மணி நேரம் திறந்து கிடந்த இலை, பைக்குள் போவதற்குள் நமத்துவிட்டது. இப்போது கொஞ்சம் இலையை ஒரு கண்ணாடி ஜாடியில் இரவு மூடி வைத்துப் பார்க்கிறேன். இலையின் நடுவில் மிஞ்சிய ஈரம் வெளியே வந்து காலையில் கண்ணாடியில் பனி பிடித்தால், மொத்தத்தையும் இரண்டு மணி நேரம் மறுபடி ஏற்றுகிறேன். உருவுவதையும் டிரையர் அறைக்கே மாற்றிவிட்டேன்.

நவம்பர் 9

உணவுப் பாதுகாப்புப் பதிவில் காய்ந்த மூலிகையையும் சேர்த்தாயிற்று. பழைய பதிவு தேயிலைக்கு மட்டும்தான் இருந்தது. தைம் தொந்தரவு பிடித்தது, இலை பொடிசு, உருவும் கூலி ரோஸ்மேரியைவிட இரு மடங்கு. விலையை ஏற்றிச் சொன்னேன். ஒரு கஃபே நின்றுவிட்டது, இன்னொன்று தொடர்கிறது.

டிசம்பர் 8

வறுத்த தேயிலை இன்னும் பத்து கிலோ இருக்கலாம். சென்னையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர், பனிக்காலத்துக் கிரீன் டீ ஐந்து கிலோ கிடைக்குமா, முன்பணம் தருகிறேன் என்கிறார். நல்ல விலை. மாமாவும் இலை தயார் என்கிறார். அந்த டிரையரில் காய வைத்தால் குவளையில் ரோஸ்மேரி மணக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இன்னொரு தேயிலைக்காரர் எண்ணைக் கொடுத்தேன். உருட்டும் மெஷினையும் அவரே கேட்டிருந்தார். நாளை வண்டி அனுப்புகிறாராம், கால் போல்ட்டுகளைக் கழற்றி வைக்க வேண்டும்.