நாலு இன்ச் பைப்பும் நான் போட்ட தப்புக் கணக்கும்

பிறை தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. ஒரு ஹாப்பரை, அதாவது சரக்கு கொட்டும் புனல் தொட்டியை, தகட்டிலிருந்து கிடையாக நீட்டிக்கொண்டிருந்த நான்கு குட்டைக் கம்பிகள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 50 மி.மீ. விட்டமுள்ள கெட்டி உருண்டைக் கம்பி. ஹாப்பர் நிறைந்தால் ஒரு கம்பிக்கு ஏறக்குறைய 6 டன், அதாவது 60 கிலோநியூட்டன் வரும். பாரம் விழும் இடம் தகட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருந்தது. இரண்டு கம்பிகள் தலை குனிந்துவிட்டன.

ஃபோர்மேன் அண்ணன் நேராக ஸ்டோருக்குப் போய் நாலு இன்ச் ஷெட்யூல் 40 பைப்பை உருட்டிக்கொண்டு வந்தார். வெளி விட்டம் 114.3, சுவர் 6.02 மி.மீ. “கம்பியோட பரப்பு 1963, இதோடது 2048. இரும்பு கூடத்தான் இருக்கு தம்பி. வளையவும் வளையாது” என்றார். வளைவைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்கச் சரி. கம்பியில் வளைவுத் தகைவு 489 மெகாபாஸ்கல்; 275-இல் இளகி நிரந்தரமாக வளைந்துவிடும் எஃகு அதற்கு எப்படித் தாங்கும்? பைப்பில் அது 114-தான்.

ஷியரை, அதாவது இரும்பின் ஒரு பகுதியை இன்னொன்றின் மேல் வழுக்கப் பார்க்கும் வெட்டு விசையை, நான் சரிபார்த்தேன். டி.ஓ. எனப்படும் டெலிவரி ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் சராசரியை எடுத்தேன்: 60,000-ஐ 2048-ஆல் வகுத்தால் 29.3. வட்ட வெட்டுமுகத்தில் உச்சம் சராசரியைப் போல 4/3 மடங்கு என்று படித்தது மனப்பாடமாக இருந்தது. பெருக்கினால் 39. பழைய கம்பிக்கு 40.7. “சரிண்ணே, கொஞ்சம் குறையத்தான் செய்யுது” என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஃபெரியில் பினாங்குத் தீவுக்குத் திரும்பும்போது ஒரு விஷயம் உறுத்தியது. அந்த 4/3 எங்கிருந்து வருகிறது? τ = VQ/(Ib) சூத்திரத்தில் V என்பது ஷியர் விசை; Q-வும் I-யும் வெட்டுமுகத்தின் வடிவத்திலிருந்து வருபவை; b என்பது நடு உயரத்தில் இரும்பின் அகலம். கெட்டிக் கம்பியில் நடுவில்தான் அகலம் அதிகம், முழு 50 மி.மீ. அதனால்தான் உச்சம் சராசரியை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாமல் நிற்கிறது. பைப்பிலோ நடு உயரத்தில் இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே: இரண்டும் சேர்ந்து 12 மி.மீ. மேல்பாதி இரும்பு முழுவதும் கீழ்ப்பாதியின் மேல் வழுக்கப் பார்ப்பதை அந்த 12 மி.மீ. தடுத்து நிறுத்த வேண்டும். நான் பைப்பைக் கெட்டிக் கம்பியாக நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, A பரப்பு, R வெளி ஆரம், r உள் ஆரம் என்று வைத்து முறையாக எழுதினேன்:

```
τmax = (4V/3A) × (R² + Rr + r²)/(R² + r²)
```

இந்தச் சூத்திரம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. r = 0 என்று போட்டால் 4/3 திரும்பி வர வேண்டும், வருகிறது. r-ஐ R-க்கு நெருக்கிக்கொண்டே போனால் 2-க்குப் போக வேண்டும், போகிறது. எங்கள் பைப்புக்கு 1.996. ஆக உச்சம் 39 அல்ல, 58.5. பரப்பு கூடியும் ஷியர் தகைவு பழைய கம்பியைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது.

ஆபத்து என்று சொல்ல முடியாது. இந்த எஃகு ஷியரில் இளகுவது 159 வாக்கில். எஃகுக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோட் 3 இந்த உச்சத்தைக்கூடப் பார்ப்பதில்லை; பைப்பின் பரப்பில் 2/π பங்கை ஷியர் பரப்பாக எடுத்துக்கொண்டு, சுவர் இளகித் தகைவைப் பகிர்ந்துகொள்ளும் என்று விட்டுவிடுகிறது. அப்படிப் பார்த்தால் 207 கிலோநியூட்டன் வரை தாங்கும். அப்புறம், விட்டத்தைவிடக் குட்டையான கைக்கு இந்த பீம் கணக்கே உத்தேசம்தான். கெட்டிக் கம்பியிலும் 4/3 என்பது அகலம் முழுக்கத் தகைவு ஒரே மாதிரி என்று வைத்து வந்த எண். துல்லியமாகப் போட்டால் மையத்தில் 1.38, ஓரத்தில் 1.23 வரும்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். தடுப்புத் தகட்டை மாட்ட பைப்பில் 18 மி.மீ. துளை போட வேண்டும். “நடுவுல போட்டுடலாம், அங்க வளைவே கிடையாது” என்று அண்ணன் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். வளைவு இல்லாத அந்த நடுக்கோட்டில்தான் ஷியர் உச்சம். அதோடு அது நீளவாக்கில் தையல் பற்றவைப்பு உள்ள பைப். தையல் அந்தப் பக்கம் வந்தால்?

காலையில் பட்டறைக்குப் போனதும் நான் தப்பாகக் கணக்குப் போட்டதை முதலில் ஒப்புக்கொண்டேன். அண்ணன் டி.ஓ. தாளைப் பார்க்கவில்லை. பைப்புக்குள் விரலை விட்டு மேடாக இருந்த தையலைத் தடவிக் கண்டுபிடித்தார். அதை அடிப்பக்கம் திருப்பச் சொன்னேன்; அங்கே ஷியர் பூஜ்யம், வளைவின் இழுப்போ அழுத்தமோ தையலுக்குக் குறுக்கே வராது, அதன் நீளத்தோடு ஓடும். துளையைப் பாரம் விழும் இடத்துக்கு அப்பால், பைப்பின் நுனிப்பக்கம் தள்ளினோம். அங்கே வளைவும் இல்லை, ஷியரும் இல்லை.

“இதை நேத்தே சொல்லியிருந்தா ஒரு பைப் மிச்சம்” என்றார் அண்ணன். முந்தின நாளே ஒன்றில் நடுவில் துளை போட்டிருந்தார்.