ஓட்டை வழியே போன தண்ணீர்

மார்ச் 3

தக்காளி இன்றும் மதியம் துவண்டு நின்றது. வெயில் வாட்டம் என்றால் பொழுது சாய்ந்ததும் இலை நிமிர்ந்துவிடும். இது இருட்டிய பிறகும் அப்படியே தொங்கியது. தினமும் காலையில் ஒரு லிட்டர் ஊற்றுகிறேன். அரை நிமிடத்தில் அடி ஓட்டை வழியாகத் தட்டில் தண்ணீர் வந்துவிடுகிறது. அது வந்தால் தொட்டி முழுக்க நனைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4

தொட்டியை எடை போட்டுப் பார்த்தேன். 10 அங்குலத் தொட்டி, 4.2 கிலோ. வழக்கம்போல ஒரு லிட்டர் ஊற்றி, தட்டில் இறங்கியதை அளந்தேன். 800 மில்லி! செடிக்குக் கிடைத்தது 200 மில்லிதான்.

காரணம் விளிம்பிலேயே தெரிந்தது. தொட்டியின் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. கோகோபீட்டும் மட்கிய உரமும் கலந்த கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிவிடும். காய்ந்த துகள்கள் தண்ணீரை உடனே உறிஞ்சவும் செய்யாது, தள்ளிவிடும். அதனால் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியாகச் சுவரோரமாகவே ஓடி ஓட்டைக்குப் போய்விடுகிறது. வேர் இருக்கிற நடுப்பகுதி காய்ந்தே கிடக்கிறது. போன மாதம் நான்கு நாள் ஊரில் இல்லாதபோது காய்ந்தது. அதிலிருந்து அது திரும்பவே இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 5

பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை உள்ளே இறக்கினேன். தண்ணீர் மட்டம் தொட்டி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், மேலே ஏறினால் உரம் மிதந்து வெளியே வந்துவிடும். அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக ஏற ஏற, மேல்மண்ணில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. 40 நிமிடத்தில் மேல்பரப்பு கறுத்து ஈரமானது. வெளியே எடுத்து அரை மணி நேரம் வடியவிட்டு எடை போட்டால் 6.6 கிலோ. இரண்டு லிட்டருக்கும் மேல் குடித்திருக்கிறது. சாயங்காலம் மேல் இலைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. அடியிலுள்ள மஞ்சள் இலைகள் தேறாது, கிள்ளிவிட்டேன்.

மார்ச் 7

இதை ஒரு நிமிட ஷார்ட்ஸாகப் போட வேண்டும். பால்கனியில் செடி வளர்க்கிற பலருக்கும் இதே கதைதான் நடக்கும். தண்ணீர் போகிற வழி தெரியட்டும் என்று கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் உலர்ந்த கலவையை நிரப்பி ஊற்றினேன். சுவரோரம் ஓடவில்லை, எல்லாப் பக்கமும் பரவித்தான் இறங்கியது. புதிதாக நிரப்பினால் அந்த இடைவெளி இருக்காது. நனைந்து, அப்புறம் காய்ந்து சுருங்கினால்தான் வரும். சரி, பூத்து ஓய்ந்த சாமந்தித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வைக்கிறேன்.

மார்ச் 14

சாமந்திக்கு ஒரு லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை அப்படியே உருவினேன். தம்பி போனைப் பிடித்துக்கொண்டான். கத்தியால் இரண்டாக வெட்டியதும், “அக்கா, உள்ளே தூசி பறக்குது!” என்றான். வெளிப்பக்கம் கறுப்பாக ஒரு வளையம், உள்ளே வெளிறிய பழுப்பு. இந்த ஒரு காட்சிக்கு மேல் பேச்சே வேண்டாம்.

மார்ச் 15

பேச வேண்டியது இதைச் சரிசெய்வதைப் பற்றித்தான். டப்பில் வைத்தது ஒருநாள் வைத்தியம். தூக்க முடியாத பெரிய தொட்டிக்கு வேறு வழி: மெல்லிய குச்சியால் வேர் அறுபடாமல் ஏழெட்டு இடத்தில் குத்தி, இடைவெளியை மண்ணால் மூடி, பூவாளியில் கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். இப்படி மூன்று தடவை. முதல் தடவையில் நனைந்த மண் அடுத்த தடவைத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் நிற்பதைக் கடைசியில் கொட்டிவிட வேண்டும்.

வீடியோவில் இன்னொன்றையும் வெட்டாமல் வைக்கப் போகிறேன். துவண்ட செடி எல்லாம் தாகமான செடி இல்லை. வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் தொங்கும், அதை டப்பில் இறக்கினால் செத்தேபோகும். அதனால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். லேசாக இருந்தால் டப். கனமாக, அடியில் வாடை வந்தால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

மார்ச் 17

தக்காளி இன்று காலை 5.3 கிலோ. இரண்டு தவணையாக முக்கால் லிட்டர் ஊற்றினேன். தட்டில் இரண்டு மூன்று கரண்டிதான் இறங்கியது.