பூட்டிய கணக்கைத் திறக்க ஒரு கடிதம்: எது நான், எது நானில்லை

சந்தேகத்துக்குரிய நுழைவு என்று எச்சரிக்கை வந்து, கொஞ்ச நேரத்தில் கோப்புச் சேமிப்புக் கணக்கே பூட்டிக்கொண்டால், பதற்றத்தில் உதவிக் குழுவுக்கு நாம் எழுதுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில் எதுவுமே நான் செய்ததில்லை, உடனே திறந்துவிடுங்கள்." வேலையை இழுத்தடிப்பது அந்த வரிதான். ஏன் என்பதைத் தெம்பனிஸில் டியூஷன் நடத்தும் ஓர் அக்காவின் கணக்கை வைத்துச் சொல்கிறோம்.

அவருக்கு வந்தவை மூன்று எச்சரிக்கைகள். சனி இரவு 9:40க்கு ஹாங்காங்கிலிருந்து ஒரு கைபேசி நுழைந்திருக்கிறது. ஞாயிறு அதிகாலை 2:14க்கும் 2:31க்கும் வேறொரு நாட்டிலிருந்து விண்டோஸ் கணினி ஒன்று முயன்றிருக்கிறது. அதற்கு மறைச்சொல் தெரிந்திருக்கிறது, ஆனால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட முடியவில்லை. இரண்டாவது முயற்சியோடு கணக்கு பூட்டப்பட்டது.

அக்கா ஹாங்காங் பக்கமே போனதில்லை. சனிக்கிழமை அவர் இருந்தது ஜொகூர் பாருவில். ஆனால் அங்கே பயன்படுத்தியது பயணிகளுக்கான இ-சிம். இப்படிப்பட்ட இ-சிம்கள் பல, நாம் எந்த ஊரில் நின்றாலும் இணையத்துக்குள் போவது வேறொரு நாட்டின் வாசல் வழியாக. சோதிப்பது எளிது: அதே இ-சிம்மைப் போட்டு, ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் நாடு தெரிந்துவிடும். அவருக்கு ஹாங்காங் என்றே காட்டியது. ஆக, 9:40 நுழைவு அவருடையதேதான்.

இப்போது அந்த முதல் வரியை உதவிக் குழு எப்படிப் படிக்கும் என்று பாருங்கள். 9:40 நுழைவில் மறைச்சொல் சரி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் சரி, கருவியும் வழக்கமாக வரும் அதே கைபேசி. அதையும் "நான் இல்லை" என்று மறுத்தால், கைபேசியே பிறர் கையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் கைபேசிக்கு ஒருமுறை எண்ணையும் அனுப்பமாட்டார்கள், அதிலிருந்து வரும் பதிலையும் நம்பமாட்டார்கள்.

கடிதத்துக்கு முன் இரண்டு காரியங்கள். முதலாவது, வந்த எச்சரிக்கை உண்மையானதுதானா? அதில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், மின்னஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து இப்படி ஒரு வரியைத் தேடுங்கள்:

```
Authentication-Results: ... spf=pass dkim=pass dmarc=pass
```

மூன்றும் `pass` என்றால், அனுப்புநராகக் காட்டப்படும் டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அர்த்தம். அந்த டொமைன் நிறுவனத்தினுடையதா, ஓர் எழுத்து மாற்றிய போலியா என்பதை நாம்தான் எழுத்துக்கூட்டிப் பார்க்கவேண்டும். போலி டொமைனுக்கும் மூன்றும் `pass` வரும். சந்தேகம் தீரவில்லையென்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

இரண்டாவது, வீட்டுக் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒத்திசைவுக் கோப்புறையை வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். உள்ளே யாராவது புகுந்து கோப்புகளை அழித்திருந்தால், கணக்கு திறந்த அடுத்த நிமிடம் அந்த அழிப்பு உங்கள் கணினிக்கும் வந்து சேரும். மேகக் குறி போட்ட கோப்புகள் கணினியில் பெயருக்குத்தான் இருக்கும், அவை நகலாகாது. அவை எவையெவை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, மீட்பு இணைப்பு வந்து சேரும் மின்னஞ்சல் பெட்டியின் மறைச்சொல்லையும் மாற்றுங்கள். அங்கே நீங்கள் போடாத வடிகட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனத்தின் பதில்களை நேரே குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் விதி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவது திருடர்களின் பழைய வேலை.

இனி கடிதம். கணக்கில் பதிவான முகவரியிலிருந்தே அனுப்பவேண்டும். அக்கா அனுப்பியது ஆங்கிலத்தில், இங்கே அதன் சாரம்:

> பொருள்: பூட்டப்பட்ட கணக்கை மீட்கக் கோரிக்கை. மூன்று நுழைவுகளில் ஒன்று என்னுடையது, இரண்டு என்னுடையவை அல்ல.
>
> மார்ச் 15, 13:40 UTC (சிங்கப்பூரில் இரவு 9:40), ஹாங்காங், கைபேசி: இது நான். ஜொகூர் பாருவில் பயண இ-சிம் பயன்படுத்தினேன், ரசீது இணைப்பில் உள்ளது.
>
> மார்ச் 15, 18:14 UTC மற்றும் 18:31 UTC (சிங்கப்பூரில் மார்ச் 16 அதிகாலை 2:14, 2:31), விண்டோஸ் உலாவி: இவை நான் அல்ல. என்னிடம் விண்டோஸ் கணினி இல்லை.
>
> வழக்கமாக நுழைவது சிங்கப்பூரிலிருந்து, ஒரு கைபேசியும் ஒரு மேக் கணினியும் கொண்டு. கடைசிக் கட்டண ரசீதின் எண்ணும் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் கீழே.
>
> வேண்டுவது: கணக்கை மீட்டுத் தரவும். திறக்கும் முன் எல்லாக் கருவிகளிலும் உள்ள நுழைவுகளை முடித்து, இணைந்துள்ள பிற செயலிகளின் அனுமதியை ரத்துசெய்யவும். விசாரணை முடியும்வரை குப்பைத்தொட்டிக் கோப்புகளை நிரந்தரமாக அழிக்காமல் வைக்கவும்.

நேரத்தை இரண்டு விதமாகவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. சர்வர் பதிவுகள் பெரும்பாலும் UTC-யில் இருக்கும், சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னே. ஞாயிறு அதிகாலை 2:14 அவர்கள் பதிவில் சனிக்கிழமை. "ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் எழுதினால், ஞாயிறுக்கான பக்கத்தைத் திறந்துபார்த்து "அப்படி எதுவும் இல்லையே" என்று பதில் வரும். கோரிக்கை திரும்ப வரிசையின் கடைசிக்கு.

ஐபி முகவரியை எச்சரிக்கையில் உள்ளபடியே எடுத்து ஒட்டுங்கள். கணினி அமைப்பில் தெரியும் `192.168.1.5` போன்ற எண்ணை அனுப்பிப் பயனில்லை, அது உங்கள் வீட்டு ரௌட்டருக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. எச்சரிக்கை மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதைவிட `.eml` கோப்பாக இணைப்பது மேல், அவர்களால் மூலத் தகவலைப் படிக்கமுடியும்.

கடைசிக் கோரிக்கை சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் பல சேவைகளில் அழித்த கோப்பு 30 நாள்தான் குப்பைத்தொட்டியில் இருக்கும். கடிதப் போக்குவரத்து நீண்டால் அந்த நாள்களும் சேர்ந்தே கழியும்.

மறைச்சொல், ஒருமுறை எண், மீட்புக் குறியீடுகள், முழு அட்டை எண் ஆகியவற்றைக் கடிதத்தில் எழுதவே கூடாது. ஐசி படத்தையும் நாமாக முந்திக்கொண்டு இணைக்கவேண்டாம். கேட்டால், நீங்களே முகவரி தட்டித் திறந்த நிறுவனத் தளத்தின் பதிவேற்றப் பக்கத்தில் மட்டும் கொடுங்கள்.

முதலில் வருவது தானியங்கிப் பதிலாகத்தான் இருக்கும். ஆத்திரத்தில் புதிய கோரிக்கை திறக்காதீர்கள், ஒரே விஷயத்துக்கு இரண்டு எண்கள் இருந்தால் ஒன்றில் கொடுத்த விவரம் இன்னொன்றைப் பார்ப்பவருக்குத் தெரியாமல் போகலாம். அதே மின்னஞ்சல் தொடரில், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கோப்புகள் திருடப்பட்டது உறுதியானால் போலீஸ் புகாரைச் சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே கொடுத்து, அதன் எண்ணையும் அங்கே சேர்க்கலாம்.

கணக்கு திறந்ததும் மறைச்சொல்லை மாற்றுங்கள், குறுஞ்செய்தி எண்ணுக்குப் பதிலாக ஆதண்டிகேட்டர் செயலியோ பாஸ்கீயோ வையுங்கள். பிறகு பகிர்வு இணைப்புகளின் பட்டியலைத் திறந்து, நீங்கள் உருவாக்காதவை இருந்தால் மூடுங்கள். மறைச்சொல் மாறினாலும் பழைய பகிர்வு இணைப்பு வேலைசெய்துகொண்டேதான் இருக்கும். குப்பைத்தொட்டியையும் பார்த்து, வேண்டியதை மீட்டெடுத்த பிறகுதான் வீட்டுக் கணினியின் ஒத்திசைவை மறுபடி இயக்கவேண்டும்.