மூணு வரிக்கு ஐம்பது வரி

மச்சான் கேரள எல்லையில, ஆரியங்காவுக்கு மலை ஏறுற வழியில இருக்கிற புளியரையில நேந்திரங்காய் சிப்ஸ் கடை போடுறான். போர்டுக்கு ஒரு வரி வேணுமாம். நேரா வரியை யோசிச்சா "சுவைக்கு நாங்க"தான் வரும். அதனால காலண்டர் தாளைத் திருப்பி மூணு பத்தி போட்டோம்: சத்தம், வழி, வாசம். பத்திக்குப் பத்துச் சொல், அஞ்சு நிமிஷம். மொறு, நொறு, மலை, செக்போஸ்ட், ஆரியங்காவு, தேங்காயெண்ணெய், வாணலி... பிறகு குறுக்கே ஜோடி சேர்த்து, நல்லதா கெட்டதான்னு பார்க்காம ஐம்பது வரி. முதல் இருபது எங்கேயோ கேட்டதுதான். முப்பதைத் தாண்டித்தான் புதுசா வந்துச்சு.

எதிர்க்கடை போர்டுக்கும் பொருந்துறதை எல்லாம் அடிச்சதுல ஒன்பது மிச்சம். சத்தமா படிச்சு, நாக்குல தட்டினதை வெட்டினதும் மூணு: "மலை ஏறுமுன் ஒரு மொறு", "வாணலிச் சூடு வண்டி வரை", "ஆரியங்காவு வரை நொறுங்கும்".

அத்தை மூணாவதைப் பார்த்துட்டு, "எது நொறுங்கும், பஸ்ஸா?"ன்னாங்க. "மொறுமொறு"ன்னு மாத்தியாச்சு.