ஜெர்மனிக்குப் புறப்படும் முன் பெற்ற பிஎஃப் கவரேஜ் சான்றிதழ்

சென்னையில் நான் பணிபுரியும் நிறுவனம் 18 மாதப் பணிக்காக என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அலுவலகத்தில் விசாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். என் சம்பளத்திலிருந்து எந்த நாட்டின் காப்பீட்டுக்குப் பணம் போகும் என்பதை நானே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே ஊழியரின் சம்பளத்தில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 9.3 சதவீதமும் வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதமும் பிடிக்கப்படுகின்றன; நிறுவனமும் அதே அளவு செலுத்த வேண்டும். மாதம் 5,000 யூரோ என்று வைத்துக்கொண்டால் என் பங்கு மட்டுமே 530 யூரோ. இந்தியாவில் பிஎஃப் பிடித்தமும் தொடரும் என்பதால், ஒரே உழைப்புக்கு இரண்டு நாடுகளிலும் கட்ட நேரிடும். இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் பிஎஃப் கட்டுவதை உறுதிசெய்து நம் பிஎஃப் அலுவலகம் தரும் கவரேஜ் சான்றிதழ் இருந்தால் ஜெர்மனியின் இந்த இரண்டு பிடித்தங்களும் இல்லை.

சான்றிதழுக்கு அடிப்படை, வேலை செய்யும் இடம் அல்ல, வேலை கொடுப்பவர் யார் என்பதுதான். எனக்கு முதலில் அங்குள்ள கிளையுடன் நேரடி ஒப்பந்தம் செய்து, நீல அட்டை விசா எடுக்கலாம் என்றார்கள். சம்பளமும் சற்றுக் கூடுதல். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் நான் ஜெர்மன் கிளையின் ஊழியராகிவிடுவேன். 'அனுப்பப்பட்ட ஊழியர்' என்ற நிலை போய்விடும், சான்றிதழுக்கும் இடமிருக்காது. ஆகவே சென்னை ஒப்பந்தத்தைத் தொடரவிட்டு, நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறுவோருக்கான ஐசிடி அட்டையைக் கேட்டுப் பெற்றேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

விண்ணப்பத்தில் யுஏஎன் எண், கடவுச்சீட்டு விவரம், ஜெர்மன் கிளையின் முகவரி, பணிக்காலத்தின் தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றை நிரப்பி, நானும் நிறுவனத்தின் அதிகாரம் பெற்றவரும் கையெழுத்திட்டோம். முதல் முறை அது திரும்பி வந்தது. என்னை ஜெர்மனிக்கு அனுப்ப நிறுவனம் தந்த பணி அனுப்பாணையில் ஒரு தேதியும், விசாவைப் பார்த்து நான் எழுதியதில் வேறு தேதியும் இருந்தன. அனுப்பாணையைத் திருத்தி வாங்கி, அதே தேதிகளை விண்ணப்பத்திலும் எழுதிய பிறகு சான்றிதழ் கிடைத்தது. இந்தத் தேதிகளை அலட்சியமாக எழுதிவிடக் கூடாது, ஏனெனில் சான்றிதழில் உள்ள காலத்துக்கு மட்டுமே விலக்கு. அதற்கு வெளியே வேலை செய்யும் நாட்களுக்கு ஜெர்மன் சட்டப்படி பிடித்தம் உண்டு. பணி நீளும் என்று தெரிந்தால், சான்றிதழ் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டுக்கு இந்தச் சான்றிதழ் உதவாது என்பதையும் நிறுவனத்திடம் முன்பே பேசி, அதற்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டேன். ஸ்டுட்கார்ட்டில் சம்பளக் கணக்குப் பார்ப்பவரிடம் நகலைக் கொடுத்தேன். முதல் மாதச் சம்பளச் சீட்டில் ஓய்வூதியம், வேலையின்மை ஆகிய இரண்டு பிடித்தங்களுக்கான இடங்களும் காலியாக இருந்தன. அதே மாதத்துக்கான பிஎஃப் தொகை சென்னையில் வரவாகியிருப்பதை என் பாஸ்புக்கில் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.